எலும்புக்குப் பதின்மூன்று வயது

அபியின் உச்சந்தலையில் ஸ்கேலை வைத்து அழுத்தும்போதே இசக்கிச்செல்விக்குத் தெரிந்துவிடும், அன்றைக்கு அடி உண்டா இல்லையா என்று. மேலகரத்து வீட்டில் மாதத்துக்கு ஒரு ஞாயிறு இந்தக் கூத்து நடக்கும். அவள் புருஷன் சங்கிலிப்பாண்டி மகனைச் சுவரோடு சுவராக ஒட்டி நிறுத்துவான். எக்கிவிடாமல் பாதத்தை மிதித்துப் பிடித்துக்கொள்வான். பென்சிலால் கோடு இழுப்பான். புதுக்கோடு பழைய கோட்டின் மேலேயே விழுந்தால் முதல் அறை பையனுக்கு. மிச்சமெல்லாம் அவளுக்கு.

“ஒங்க வம்சமே முழங்கா ஒசரம்லா! ஒங்கப்பன் கட்டில்ல ஏறதுக்கே ஸ்டூல் போடணும். அந்த ரத்தத்தக் கொண்டாந்து எம்புள்ளைக்கு ஊத்திட்டியேட்டி, சவத்து மூதி!”

பெல்ட்டைப் பக்கிள் பக்கமாகத்தான் வீசுவான். அடித்து முடித்ததும் கையைக் கழுவிவிட்டு, குழம்பில் உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்பான். அதுதான் அவளுக்கு அடியைவிடப் பயம்.

அவன் குடும்பத்தில் எல்லாரும் காக்கி. அண்ணன் முத்துராமலிங்கம் சப்-இன்ஸ்பெக்டர். சித்தப்பா மகன்கள் ராணுவத்தில். ஓடி, கயிறேறி, உடம்பை இரும்பாக்கிக்கொண்டு போலீஸ் தேர்வுக்குப் போன சங்கிலிப்பாண்டியை மட்டும் ஓடக்கூட விடாமல் அளவுகோலுக்குக் கீழே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நூற்று எழுபது சென்டிமீட்டர் வேண்டும். இவன் நூற்று அறுபத்தொன்பது. அந்த ஒரு சென்டிமீட்டர் அவனுக்குள் துருப்பிடித்துக் கிடந்தது. இப்போது குற்றாலத்தில் சீசனுக்கு வண்டி நிறுத்துமிடம் குத்தகை எடுக்கிறான். அருவிக்கு வரும் காக்கிச்சட்டைக்காரர்களுக்கெல்லாம் சல்யூட் அடித்துவிட்டு வீட்டுக்கு வந்து சுவரைப் பார்ப்பான்.

அபிக்கு ஒன்பதரை வயது இருக்கும்போது பள்ளிக்கூடத்து வரிசையில் அவன்தான் முதல் ஆள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள்கூட அவனைவிட உயரம். அப்போதுதான் தென்காசியில் ஹார்மோன் படிப்புப் படித்த குழந்தை டாக்டர் சாருலதாவிடம் கூட்டிப்போனார்கள். டாக்டர் எடுக்கச்சொன்னது இடது கை மணிக்கட்டில் ஒரே ஒரு எக்ஸ்ரே.

“கால்ல எடுக்கணும்லா? இவன் கால்தான குட்டை” என்றான் சங்கிலிப்பாண்டி.

எக்ஸ்ரே எடுக்கும் ஆதம் கடையநல்லூர்க்காரன், வாய் சும்மா இருக்காது. “அண்ணாச்சி, சோறு வெந்துட்டான்னு பாக்க பானையவா கவுத்துதோம்? ஒரு பருக்கைய நசுக்கிப் பாக்கோம்லா. அந்த மாதிரி. எய்யா, கைய நல்லா விரிச்சி வை. நண்டு மாதிரி. ஆ, அசையாத.”

டாக்டர் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். பக்கத்தில் ஒரு பெரிய புத்தகத்தைத் திறந்து வைத்தார். பக்கத்துக்குப் பக்கம் கைகள்தான். இந்த வயசுப் பையனுக்கு எலும்பு இப்படி இருக்கும், அடுத்த வயசில் இப்படி இருக்கும் என்று வரிசையாகப் படங்கள். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்து, ஒரு பக்கத்தில் நிறுத்தினார்.

“இங்க பாருங்கம்மா. விரல் எலும்புக்கும் அதோட நுனியில இருக்குற துண்டுக்கும் நடுவுல கறுப்பா ஒரு இடைவெளி தெரியுதா? உடைஞ்சிருக்கோன்னு பயந்துடாதீங்க. அது குருத்தெலும்பு. எக்ஸ்ரேல விழாது, அதான் கறுப்பா இருக்கு. பிள்ளைங்க வளர்றதே அந்த இடத்துலதான். உங்க பையனுக்கு அது நல்லா அகலமா இருக்கு. மணிக்கட்டுல சின்னச்சின்ன எலும்பெல்லாம் இன்னும் தள்ளித்தள்ளி நிக்குது. ஆளுக்கு ஒன்பதரை, எலும்புக்கு ஏழரை.”

“ஏழரையா!” சங்கிலிப்பாண்டி எழுந்தேவிட்டான். “எலும்புலயே சனி புடிச்சிருக்கா?”

“கெட்டது இல்லங்க. நல்லதுதான். ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியா இருக்கு. மத்தப் பசங்க நிக்கும்போது இவன் வளர்ந்துக்கிட்டு இருப்பான். கடைசில உங்க உயரத்துக்குக் கிட்ட வந்துடுவான், ஒண்ணு ரெண்டு முன்னப்பின்ன. மருந்து வேண்டாம். ஆறு மாசத்துக்கு ஒருதடவ கூட்டிட்டு வாங்க. பொறுமையா இருங்க.”

பொறுமை. அந்த ஒன்றைத் தவிர வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அவன் கேட்டிருப்பான். மேலகரம் திருப்பத்திலேயே பைக்கை நிறுத்தினான். “ரெண்டு வருசம் ஃபெயிலான எலும்பப் பெத்துருக்கா” என்று சொல்லி, பின்னால் உட்கார்ந்திருந்தவளின் வாயில் முழங்கையால் குத்தினான். மேல்பல் ஒன்று விழுந்தது. அன்றிலிருந்து விடிந்ததும் அபி கொல்லையில் இரும்புக் கம்பியில் தொங்க வேண்டும். அப்பன் சொல்லும்வரை கையை விடக்கூடாது. விட்டால் காலில் பிரம்பு. கைத்தோல் பிய்ந்து, கம்பியில் ரத்தம் காய்ந்து கிடப்பதை அவள் தினமும் துடைத்தாள். டாக்டரிடம் மறுபடி போகலாமா என்று கேட்டதற்கும் ஓர் அறை.

எலும்பு மெதுவாக வளரும். அதுவரை பிள்ளை உயிரோடு இருக்க வேண்டுமே.

குற்றாலம் ரோட்டில் நம்பிராஜனின் ஜிம் இருந்தது. சங்கிலிப்பாண்டியோடு ஒன்றாகப் படித்தவன். ஒரு மத்தியானம் யாரும் இல்லாத நேரம் பார்த்து அவள் போனாள். வீங்கின உதட்டை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

“அண்ணே, பிள்ள ஒசரமா வளர ஏதாச்சும் இருக்கா? அவியளுக்குத் தெரியக்கூடாது.”

நம்பிராஜன் அவள் முகத்தைப் பார்த்தான். விவரம் கேட்கவில்லை. மேசைக்குள்ளிருந்து அட்டை எடுத்தான். பழுப்பு நிறத்தில், உள்ளே எண்ணெய் அடைத்த கேப்சூல்.

“ஆம்பளச் சத்து மயினி. எங்கிட்ட வார பயலுவ கையப் பாத்தியள்லா? தினம் ஒண்ணு. எண்ணெய்ப் பண்டத்தோட குடுத்தாதான் ஒடம்புல ஒட்டும். சின்னப்பய, சடசடன்னு ஏறிருவான். சைடு எஃபெக்டா? அதெல்லாம் டாக்டருவ பொழப்புக்குச் சொல்லுதது.”

தினமும் காலையில் உளுந்தங்களி கிண்டி, நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றும்போது, ஊசியால் கேப்சூலைக் குத்தி அந்த எண்ணெயையும் பிழிந்தாள். அபி வழித்துத் தின்றான்.

வளர்ந்தான். ஐயோ, என்ன வளர்த்தி! பள்ளி வரிசையில் ஒருவனைத் தாண்டினான், பிறகு ஐந்தாறு பேரைத் தாண்டினான். சங்கிலிப்பாண்டி அளக்கும் ஞாயிறுகளில் சிரிக்க ஆரம்பித்தான். பெல்ட் ஆணியிலேயே தொங்கியது. ஒருதடவை அவளுக்கு அல்வா வாங்கிவந்து தானே ஊட்டிவிட்டான். வாயைத் திறக்கும்போது அவள் ஆணியில் தொங்கிய பெல்ட்டைப் பார்த்துக்கொண்டாள்.

“பாத்தியாட்டி? கம்பியில தொங்கப்போட்டேன்லா! டாக்டரு பொறுமையாம் பொறுமை!”

ஆனால் பையனுக்குக் குரல் கரகரத்தது. முகத்தில் பரு. மேலுதட்டில் கறுப்பு. பதினொரு வயதுப் பிள்ளையின் பனியனில் பெரிய ஆம்பிளையின் வியர்வை நாற்றம். தொட்டதுக்கெல்லாம் கை ஓங்கினான். பள்ளிக்கூடத்தில் எபனேசர் என்ற பையன் பேனாவைத் திருப்பித் தரவில்லை என்று அவன் தலையைப் பெஞ்சில் மோதி இரண்டு பல்லை உடைத்துவிட்டு வந்தான். அப்பன் தோளில் தட்டிக்கொடுத்தான். ஒருநாள் களி ஆறிப்போயிருந்தது. அபி தட்டைத் தூக்கி அவள் மேல் எறிந்தான்.

“ஏட்டி! சூடா வைக்கத் தெரியாதா?”

அவள் நெற்றியில் ரத்தம் வழிந்தது. ரத்தம் பெரிதில்லை. அந்த ‘ஏட்டி’. அதே குரல், அதே தலைச்சாய்ப்பு. நிறுத்திவிடலாமா என்று அன்றைக்கு நினைத்தாள். அடுத்த ஞாயிறு கோடு ஏறாவிட்டால்? மறுநாளும் பிழிந்தாள்.

இரண்டு வருஷம் கழித்துச் சங்கிலிப்பாண்டியே டாக்டரிடம் போகலாம் என்றான். வைத்தியத்துக்கு இல்லை, ஜெயித்ததைக் காட்ட. வெள்ளைச் சட்டை போட்டு, மீசையை முறுக்கிக்கொண்டு, மகனைக் கூட்டிவந்து டாக்டர் முன்னால் நிறுத்தினான்.

“எப்படி? பொறுமையா இருக்கச் சொன்னியள்லா? நூத்தி முப்பத்தினாலு இப்ப! பதினோரு வயசுல மீச பாருங்க, சிங்கக்குட்டி!”

டாக்டர் சாருலதா சிரிக்கவில்லை. அபியைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போய், அம்மாவை அருகில் வைத்துக்கொண்டு சோதித்தார். பிறகு ஆதமைக் கூப்பிட்டார். அதே இடது கை. ஆதம் ஏதோ வேடிக்கை சொல்லப்போனான். அபி முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டான்.

இரண்டு படங்களும் வெளிச்சப் பெட்டியில் பக்கத்துப் பக்கமாக ஏறின. பழையது, புதியது. டாக்டர் புத்தகத்தைத் திருப்பிக்கொண்டே போனார். போய்க்கொண்டே இருந்தார். புரளும் பக்கங்களை இசக்கிச்செல்வி எண்ணிக்கொண்டிருந்தாள்.

“இவனுக்கு இப்ப வயசு பதினொன்றரை. இந்தக் கைக்குப் பதின்மூணு.”

“நல்லதுதான? முந்திட்டான்லா!”

“முந்தக்கூடாதுங்க.” டாக்டர் பேனா நுனியைப் படத்தில் வைத்தார். “பழைய படத்துல இந்தக் கறுப்பு இடைவெளி எவ்வளவு அகலம் பாருங்க. புதுசுல நூல் மாதிரி ஆயிட்டு. நுனித் துண்டு அகலமாகி, எலும்பு மேல தொப்பி மாதிரி கவியுது. இதோ கட்டைவிரல் அடியில பயறு மாதிரி ஒரு எலும்பு. ஆம்பளப் பிள்ளைங்களுக்குப் பதின்மூணு வாக்குலதான் அது தெரியும். ரெண்டு வருஷத்துல இவன் எலும்பு அஞ்சரை வருஷம் ஓடியிருக்கு. இந்த இடைவெளி மூடிட்டா அப்புறம் என்ன குடுத்தாலும் வளர்த்தி இல்ல. இப்ப உங்க கண்ணுக்கு உயரமாத் தெரியறான். இப்படியே போனா கூடப் படிக்கிற பசங்க வளர ஆரம்பிக்கும்போது இவன் நின்னுடுவான். நூத்தி அம்பத்தஞ்சத் தாண்டினாலே பெருசு.”

முறுக்கிய மீசையிலிருந்து அவன் கையை எடுத்தான்.

“என்னது?” என்றான் சங்கிலிப்பாண்டி. குரல் தணிந்திருந்தது. அந்தத் தணிவு இசக்கிச்செல்விக்குத் தெரியும். அதற்கு அடுத்து என்ன வரும் என்பதும் தெரியும்.

“ஏதோ ஆண் ஹார்மோன் இவன் உடம்புல ஏறியிருக்கு. தானா வயசுக்கு வந்திருந்தா விதைதான் முதல்ல பெருசாகும். அது இன்னும் சின்னப்பிள்ள அளவுலயே இருக்கு. மீசையும் குரலும் மட்டும் வந்திருக்கு. அப்படின்னா வேற எங்கிருந்தோ வருது. யாராவது மாத்திரை, ஊசி, க்ரீம் ஏதாவது குடுத்தீங்களா?”

டாக்டர் கேட்டது அவளைப் பார்த்து. அவள் தரையைப் பார்த்தாள்.

“நீங்க கொஞ்சம் வெளிய இருங்க, அம்மாகிட்ட தனியாப் பேசணும்” என்றார் டாக்டர்.

“எதுக்கு? எம்புள்ள விசயத்துல எனக்குத் தெரியாம என்ன பேச்சு?” நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். “எவனும் ஒண்ணும் குடுக்கல. வீட்டுச் சாப்பாடு. உளுந்தங்களி, முட்ட.”

டாக்டர் ஒரு சீட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். “சரி. வெளிய இருந்து வரலைன்னா உள்ள இருந்து வருது. கிட்னிக்கு மேல ஒரு சுரப்பி இருக்கு. அதுல கட்டி இருக்கலாம். இன்னைக்கே திருநெல்வேலிக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன். ஸ்கேன் எடுக்கணும். கட்டின்னா வயித்தத் திறக்கணும்.”

அபி நிமிர்ந்து பார்த்தான். மீசை அரும்பிய முகத்தில் பயந்துபோன பதினொரு வயது. “அம்மா, எனக்குக் கட்டியாம்மா? வயித்தக் கிழிப்பாவளா?”

சொன்னால் அவன் கொல்லுவான். சொல்லாவிட்டால் பிள்ளையைத் திறப்பார்கள், இல்லாத கட்டியைத் தேடி. அவள் கணக்குப் போட்டுப் பார்க்கவெல்லாம் இல்லை. பையனின் கேள்வி காதில் விழுந்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

“கட்டி இல்ல டாக்டர். நாந்தான் குடுத்தேன். நம்பிராஜன் ஜிம்முல வாங்கி. எண்ணெய்க் கேப்சூலு. ஒண்ணர வருசமா, தினம் களியில.”

சங்கிலிப்பாண்டி முதலில் சிரித்தான். பிறகு மேசையைப் புரட்டினான். புத்தகம், பேனா, டாக்டரின் தேநீர்க் கோப்பை எல்லாம் சுவரில் போய் அடித்தன. இசக்கிச்செல்வியின் கொண்டையைப் பிடித்து முகத்தை வெளிச்சப் பெட்டியில் மோதினான். கண்ணாடி உடைந்தது. இரண்டு வருஷத்துக் கைகளும் அவள் ரத்தத்தோடு தரையில் விழுந்தன.

“எம்புள்ளைக்கு வெசம் வச்சியாட்டி? என்னைய மாதிரியே ஆக்கிட்டியேட்டி! எந்தக் கோட்டுக்கும் எட்டாத பயலா ஆக்கிட்டியே!”

“நீங்க அடிச்சித்தான...” என்றாள். அதற்கு மேல் வரவில்லை. இரண்டு கைகளும் அவள் கழுத்தில் இருந்தன. டாக்டர் அவன் தோளைப் பிடித்து இழுத்தார், உதறினதில் அலமாரியில் போய் விழுந்தார். ஆதம் ஓடிவந்து பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிப்பிடித்தான். சங்கிலிப்பாண்டி தலையைப் பின்னுக்கு எறிந்து அவன் மூக்கை உடைத்தான். அவளுக்குக் காதில் அருவி விழுகிற மாதிரி ஓர் இரைச்சல். அருவிக்குள் அபியின் முகம் தெரிந்தது. அவன் அசையாமல் நின்றான். ‘இவனும் சேர்ந்து அடிப்பான்’ என்று நினைத்தாள். அது அவளுக்கு ஆச்சரியமாகக்கூட இல்லை.

அபி பரிசோதனைக் கட்டிலில் ஏறுவதற்குப் போட்டிருந்த இரும்புப் படியைத் தூக்கினான். பதினொரு வயதுப் பிள்ளை தூக்கக்கூடிய கனமில்லை அது. தலைக்கு மேல் தூக்கி, முழுசாக இறக்கினான்.

சத்தம் விறகு முறிகிற மாதிரி இருந்தது. சங்கிலிப்பாண்டியின் இடது கை மணிக்கட்டிலிருந்து வேறு திசைக்குத் திரும்பித் தொங்கியது. அவன் மண்டியிட்டான். அபி நிறுத்தவில்லை. மறுபடி ஓங்கினான், இந்தத்தடவை தலையைப் பார்த்து.

“விடுலே! மக்கா, விடுலே!” மூச்சு வந்ததும் வராததுமாக அவள் மகன் மேல் பாய்ந்தாள். படி அவள் தோளில் இறங்கி, உருண்டு போனது. இருவரும் கண்ணாடித் துண்டுகளின் மேல் விழுந்தார்கள். அவனை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வலுவான கைகள் அவளை இடித்துக்கொண்டே இருந்தன. இடித்து இடித்து, பிறகு அவள் சேலையைப் பிடித்துக்கொண்டன.

வெளியே காத்திருந்தவர்கள் உள்ளே வந்து சங்கிலிப்பாண்டியைப் பிடித்தார்கள். பிடிக்க வேண்டிய தேவை இல்லை. அவன் கையைப் பார்த்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதுகொண்டிருந்தான்.

ஆதம் மூக்கில் பஞ்சை அடைத்துக்கொண்டு அவனுக்கும் எக்ஸ்ரே எடுத்தான். “கைய நேரா வைங்க அண்ணாச்சி” என்று சொன்னபோது குரலில் வேடிக்கை எதுவும் இல்லை. வெளிச்சப் பெட்டி உடைந்து போனதால் படத்தை ஜன்னல் வெயிலில் தூக்கிப் பிடித்தான். நெற்றியில் தையல் போட உட்கார்ந்திருந்த இசக்கிச்செல்வி அதைப் பார்த்தாள். முன்கை எலும்பு இரண்டும் உடைந்து விலகியிருந்தன. விரல்களில் அந்தக் கறுப்பு இடைவெளியைத் தேடினாள். எங்கேயும் இல்லை. எல்லாம் ஒரே எலும்பு.

“இவியளுக்கு அந்த எடவெளி எங்க ஆதம்?”

“மூடியாச்சிக்கா. பெரிய ஆளு எல்லாத்துக்கும் மூடித்தான் இருக்கும். எனக்கும் ஒங்களுக்கும் அப்படித்தான்.”

சங்கிலிப்பாண்டியின் அண்ணன் முத்துராமலிங்கம் யூனிஃபார்மோடு வந்து சேர்ந்தார். தம்பியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவளைத் தனியாக வராந்தாவுக்குக் கூப்பிட்டார். அதட்டவில்லை, ரொம்பப் பிரியமாகத்தான் பேசினார்.

“இங்க பாரு தாயி. படியில வழுக்கி விழுந்தான்னு முடிச்சிருவோம். நீயும் அதுல விழுந்தது மாதிரி சொல்லிரு. கேசுன்னு போனா பச்சப்புள்ளைக்கு மருந்து குடுத்தது நீதான். மொத பேரு ஒன் பேருல்லா வரும்? பயலும் அப்பன அடிச்சிருக்கான். அவன் பேரு போலீஸ்ல விழுந்தா நாளைக்கு எந்த செலக்சனுக்குப் போவான்?”

“எந்த செலக்சனுக்கும் அவன் எட்டமாட்டாம்னு டாக்டர் சொல்லிட்டாவளே, அத்தான்.”

முத்துராமலிங்கம் உள்ளே தம்பி இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“எழுதச் சொல்லுங்க,” என்றாள். தொண்டை கரகரத்தது, ஒவ்வொரு சொல்லும் வலித்தது. “எம்பேர மொதல்லயே எழுதச் சொல்லுங்க. நம்பிராஜன் பேரு அடுத்தது. இன்னைக்கு எத்தன பயலுவளுக்கு அவன் அந்த அட்டைய நீட்டிக்கிட்டு இருக்கானோ. அப்புறம் ஒங்க தம்பி பேரு. பல்லு போனதுல இருந்து எழுதணும்.”

“நான் ஏற்கனவே ஸ்டேஷனுக்குச் சொல்லிட்டேன் சார்” என்று கதவருகில் டாக்டர் சாருலதா சொன்னார். அலமாரியில் மோதிய கையை மற்றக் கையால் தாங்கியிருந்தார். “கழுத்துல விரல் தடம் பதிஞ்சிருக்கு. சொல்லாம இருக்க முடியாது. விசாரிக்கிற ஆள் நீங்களா இருக்கக்கூடாதுன்னும் சொல்லியிருக்கேன்.”

முத்துராமலிங்கம் தொப்பியைச் சரிசெய்துகொண்டு இறங்கிப் போனார்.

வேறு ஸ்டேஷனிலிருந்து வந்த ஆள் எல்லாவற்றையும் கேட்டு முடிப்பதற்குள் சாயங்காலமாகிவிட்டது. டாக்டர் அபியின் கையிலிருந்து ரத்தம் எடுத்தார். கேப்சூலை இன்றைக்கே நிறுத்திவிட வேண்டும் என்றார். நிறுத்தினதும் எலும்பின் ஓட்டம் குறையும், ஆனால் ஓடினது திரும்பி வராது. ஒரு சிக்கல் இருக்கிறது: வெளியிலிருந்து வருவது நின்றதும், இந்த எலும்பு வயசைப் பார்த்து மூளையே அவனைச் சீக்கிரம் நிஜமாகவே வயசுக்கு வரவைக்கத் தொடங்கிவிடலாம். அப்படித் தொடங்கினால் அதைத் தள்ளிப்போட மாதம் ஒரு ஊசி. ஆறு மாதத்தில் மறுபடி அதே கை, அதே எக்ஸ்ரே.

“அந்த நூலு இன்னும் இருக்குல்லா டாக்டர்?” என்று கேட்டாள்.

“இருக்கு. அதக் கொஞ்ச நாள் மூடாமப் பாத்துக்கிட்டா ரெண்டு மூணு சென்டிமீட்டர் மிச்சம் பிடிக்கலாம். சத்தியம் பண்ண மாட்டேன்.”

“வயிறு திறக்க வேண்டாம்லா?”

“வேண்டாம்மா.”

மேலகரத்துக்குப் போகவில்லை. கீழப்பாவூரில் அவள் தங்கச்சி வீடு இருந்தது. ஆட்டோ பிடித்தார்கள். அபி ஓரத்தில் ஒட்டி உட்கார்ந்திருந்தான். உள்ளங்கையில் கண்ணாடி கிழித்த இடத்தில் கட்டு. மேலுதட்டில் அரும்பிய கறுப்பை நகத்தால் சுரண்டிக்கொண்டே வந்தான், அழித்துவிடலாம் என்பது போல. ஆசாத் நகர் தாண்டும்வரை பேசவில்லை.

“ஏம்மா, அந்த மாத்திரதான் கோவத்தையும் கொண்டு வருமாம்லா? டாக்டர் சொன்னாவ.”

“ஆமாய்யா. கொஞ்சம் வருமாம்.”

“அப்ப எபனேசர் பல்ல ஒடச்சது?”

அவள் நெற்றித் தையலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

“அப்பா கைய அடிச்சது நானா, மாத்திரையா? ரெண்டாவதுவாட்டி தலையில போடணும்னே தோணிச்சிம்மா. நல்லா இருந்திச்சி அது. அதான் கேக்கேன்.” உடைந்த குரலில் கேட்டான். கேட்ட கேள்வி மட்டும் சின்னப் பிள்ளையுடையது.

இசக்கிச்செல்வி அவன் கட்டுப்போட்ட கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மணிக்கட்டைப் பெருவிரலால் தடவினாள். உள்ளே எது திறந்திருக்கிறது, எது மூடிவிட்டது என்று தோலுக்கு மேலே ஒன்றும் தெரியவில்லை.

“தெரியலலே. மாத்திரைய நிறுத்தியாச்சில்லா. இனிமே நீ ஓங்குதது எல்லாம் நீதான்.”

அபி தலையை ஆட்டினான். அவள் தோளில் சாய வந்தவன், படி இறங்கின தோள் அது என்று ஞாபகம் வந்ததும், எழுந்து மறுபக்கம் மாறி உட்கார்ந்தான்.